நிலப்பாலமா, கண்டப் பெயர்ச்சியா? மணிலா அட்டைக்கு நான் எடுத்த முடிவு

போன மாதம் மகளின் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மணிலா அட்டை ஒன்று தயாரித்தோம். மெசோசாரஸ் என்ற ஊர்வனதான் பொருள். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், ஊசி ஊசியாய்ப் பற்கள், தண்ணீரில் வாழ்ந்தது. 28 கோடி ஆண்டுக்கு முந்தைய அதன் எலும்புகள் பிரேசிலிலும் கிடைக்கின்றன, தென்னாப்பிரிக்காவிலும் கிடைக்கின்றன. நடுவில் அட்லாண்டிக். ஏன் இப்படி என்பதற்கு இரண்டு பழைய விளக்கங்கள் உண்டு. அட்டையில் ஒன்றுக்குத்தான் இடம்.

முதலாவது, நிலப்பாலம். இரு கண்டங்களுக்கும் நடுவே ஒரு காலத்தில் நிலம் இருந்தது, விலங்குகள் அந்த வழியாகப் பரவின, பிறகு நிலம் கடலில் மூழ்கிவிட்டது என்று 19ஆம் நூற்றாண்டில் பலர் நம்பினார்கள். "பினாங்குப் பாலம் மாதிரியாப்பா?" என்றாள் மகள். நம் பாலம் 13.5 கிலோமீட்டர், இதற்கு ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றேன். இரண்டாவது, 1912இல் ஆல்ஃபிரட் வேகனர் சொன்ன கண்டப் பெயர்ச்சி. கண்டங்கள் ஒட்டியிருந்து பிறகு விலகின என்பது அது.

எலும்பை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுமே பொருந்தும். நிலப்பாலத்தை முட்டாள்தனம் என்றும் ஒதுக்க முடியாது, நம் ஊரிலேயே அது நிஜமாக நடந்தது. சுமார் 20,000 ஆண்டுக்கு முன் பனியுகத்தில் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கியிருந்தது. மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி அவ்வளவு ஆழம்கூட இல்லை. புலியும் யானையும் இங்கேயும் சுமத்ராவிலும் இருப்பது அதனால்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே பாலம் மூழ்கவில்லை, கடல்தான் ஏறியது. அட்லாண்டிக்கின் ஆழமோ நாலு கிலோமீட்டர் அளவு. அதற்குக் கடல் ஏறினால் போதாது, நிலமே இறங்க வேண்டும்.

நான் முடிவு எடுத்தது இந்த இடத்தில்தான். சமையலறை வாளியில் தண்ணீர் பிடித்து ஒரு பலகைத் துண்டை மிதக்கவிட்டேன். மகள் அதை விரலால் அமுக்கினாள். எடுத்ததும் மேலே வந்துவிட்டது. கண்டத்துப் பாறையின் அடர்த்தி சுமார் 2.7, அதன் அடியில் இருக்கும் பாறைக்கு 3.3. பலகை தண்ணீரில் மிதக்கிற மாதிரிதான், ஆனால் மிக மிக மெதுவாக. பனியுகத்துப் பனிப்பாறை அமுக்கி வைத்த சுவீடனின் வடகரை, பனி உருகிப் பல்லாயிரம் ஆண்டாகியும் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது. அமுக்கினாலே திரும்பி வருகிற பாறை, யாரும் அமுக்காமல் நாலு கிலோமீட்டர் இறங்கி அங்கேயே கிடக்குமா?

சரி, எப்படியோ மூழ்கியது என்றே வைத்துக்கொள்வோம். அடியில் தோண்டினால் கண்டத்துப் பாறை கிடைக்க வேண்டுமே! 1968இல் குளோமார் சேலஞ்சர் என்ற துளையிடும் கப்பல் தெற்கு அட்லாண்டிக்கில் வரிசையாகத் துளை போட்டது. வண்டலுக்கு அடியில் வந்தது எரிமலைப் பாறையான பசால்ட். நடுக்கடல் மலைத்தொடருக்குப் பக்கத்தில் வண்டலின் வயது குறைவு, கரையை நோக்கிப் போகப் போகக் கூடுகிறது. அந்தத் தெற்குக் கடலின் தரை, கரையோரத்தில்கூட, ஏறத்தாழ 13 கோடி ஆண்டுதான். மெசோசாரஸ் அதைவிட இரண்டு மடங்கு பழையது. அது நீந்திய காலத்தில் கடக்க வேண்டிய கடலே இல்லை!

பாறைகளும் அதையே சொல்கின்றன. பிரேசிலின் பரானா எரிமலைக் குழம்பும் நமீபியாவின் எட்டென்டெக்கா குழம்பும் ஒரே வகை, இரண்டும் சுமார் 13.4 கோடி ஆண்டு. கண்டம் கிழிந்த சமயத்தில் கொட்டியவை. பாலம் விலங்கைக் கடத்தும், குழம்பைக் கடத்தாது. இன்று இடைவெளி சுமார் 6,000 கிலோமீட்டர், அதாவது 60 கோடி சென்டிமீட்டர். 13 கோடியால் வகுத்தால் ஆண்டுக்கு நாலரைக்குச் சற்று மேல். இன்று கருவி வைத்து அளக்கும் வேகமும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான்.

வேகனர் பக்கமும் ஓட்டை இருந்தது. கண்டங்களைத் தள்ளுவது எது என்று கேட்டபோது அவர் சொன்ன விசைகள் மிகப் பலவீனமானவை. 1930இல் கிரீன்லாந்தில் அவர் இறந்தபோதும் பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1960களில் கடலடி ஆய்வுகள் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

அட்டைக்கு வருவோம். மகள் உலக வரைபடத்தில் கடற்கரைக் கோட்டை ஒட்டி வெட்டினாள். பொருத்தினால் அங்கங்கே இடைவெளி, நைஜீரியா பக்கம் முட்டுகிறது. கடற்கரை கண்டத்தின் உண்மையான விளிம்பு அல்ல, விளிம்பு நீருக்கடியில் சரிவில் இருக்கிறது. ஆழக்கோடு போட்ட வரைபடம் எடுத்து மறுபடி வெட்டினோம். அப்போதும் நைஜர் ஆற்றின் கழிமுகம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. அது கண்டங்கள் பிரிந்த பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய மண். கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்துவிட்டு, அந்தத் துண்டை அட்டையின் ஓரத்தில் தனியே ஒட்டி வைத்தாள், கேட்கிறவர்களுக்குக் காட்ட.