இருட்டுக்கும் சத்தத்துக்கும் பயப்படுகிற குழந்தைக்கு எந்தப் படம்? டோட்டரோ, வின்னி த பூ, ஷான்: ஓர் ஒப்பீடு

பயந்த குழந்தைக்குப் படம் தேடும்போது ‘யு’ சான்றிதழை நம்பிப் பயனில்லை. கார்ட்டூன்தானே என்று நினைப்பதும் உதவாது. ஃபைண்டிங் நீமோ (2003) படத்தைக் குழந்தைகள் படம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே பெரிய பல்லுள்ள ஒரு மீன் பாய்கிறது, நீமோவின் அம்மா இல்லாமல் போகிறாள். கேரளப் பக்கம் நம் தலைமுறை ஆசையாகப் பார்த்த மை டியர் குட்டிச்சாத்தானில் (1984) அந்தக் குட்டிச்சாத்தானைக் கட்டிப்போட்டு வைத்திருப்பவன் ஒரு மந்திரவாதி. அஞ்சலி (1990) படம் நிறையப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், ஆனால் முடிவில் குழந்தை இறந்துபோகிறது. மூன்றும் நல்ல படங்கள். நான் சொல்லும் குழந்தைக்கு மூன்றுமே ஆகாது.

அந்தக் குழந்தை என் அண்ணன் மகன். நாலரை வயது, பாலக்காடு பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம். நெம்மாறை வேலைத் திருவிழாவுக்கு வெடி போடும் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்வான். படத்தில் அவனுக்குப் பயம் மூன்று இடங்களில் வரும்: திரை இருட்டாகும்போது, கெட்டவன் கத்தும்போது, எதிர்பாராமல் டமால் என்று சத்தம் கேட்கும்போது. பெரியவர்கள் மூன்றையும் சேர்த்துப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். படம் தேர்ந்தெடுக்க அது போதாது. ஒரு படம் ஒன்றில் தப்பித்து இன்னொன்றில் மாட்டும். அதனால் பலரும் சிபாரிசு செய்யும் மூன்று படங்களையும் இந்த மூன்று கேள்விகளை வைத்தே பார்க்கிறேன்.

முதலில் ஷான் த ஷீப் மூவி (2015), 85 நிமிடம். ஷான் என்ற ஆட்டைப் பற்றி, களிமண் பொம்மைகளை நகர்த்தி நகர்த்தி எடுத்த படம். பேச்சே கிடையாது, முனகலும் கனைப்பும் சிரிப்பும்தான். தமிழும் மலையாளமும் கலந்து வளரும் எல்லைப்பக்கப் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி, எந்த மொழியில் போடுவது என்ற கேள்வியே எழாது. ஆனால் இந்த முழுநீளப் படத்தில் ஒரு வில்லன் இருக்கிறான். நகரத்தில் திரியும் விலங்குகளைப் பிடித்துக் கூண்டில் அடைக்கும் ஆள். முடிவில் ஆடுகள் ஒளிந்திருக்கும் கொட்டகையை டிராக்டரால் கல்குவாரிப் பள்ளத்தில் தள்ளப் பார்க்கிறான். நான் குறிப்பிட்ட மூன்று பயங்களில் இரண்டு அந்தக் கடைசிப் பகுதியில் ஒன்றாக வந்துவிடும். எனவே படம் வேண்டாம். அதே ஷான் வரும் தொடர், 2007-இல் தொடங்கியது, ஒவ்வொன்றும் ஏழு நிமிடம் போல ஓடும். அதைத் தாராளமாகப் போடலாம். பெரும்பாலும் பட்டப்பகல், பச்சைப் புல்வெளி. பிரச்சினை என்று வருவது ஒரு பீட்சாவோ பன்றிகளின் குறும்போதான்.

அடுத்தது பூ கரடி. இதிலும் பல படங்கள் உண்டு. நான் சொல்வது 1977-இல் வந்த த மெனி அட்வென்சர்ஸ் ஆஃப் வின்னி த பூ, 74 நிமிடம். 1966, 1968, 1974 ஆண்டுகளில் தனித்தனியாக வந்த மூன்று குறும்படங்களைச் சேர்த்துக் கட்டியது. அதனால் ஒரு கதை முடிந்ததும் நிறுத்திவிடலாம், பாதியில் விட்ட மாதிரி குழந்தைக்குத் தோன்றாது. வில்லன் என்று யாருமே இல்லை. தேனுக்கு ஆசைப்பட்டு அளவுக்கு மேல் தின்று, முயலின் வளை வாசலில் வயிறு சிக்கிக்கொள்வதுதான் முதல் கதையின் ஆபத்து.

இந்தப் படத்தில் எனக்கு மிகப் பிடித்தது வேறொன்று. எல்லாமே ஒரு புத்தகத்துக்குள் நடக்கிறது. பக்கம் புரளும், பாத்திரங்கள் வரிகளின் மேலேயே நடக்கும், கதை சொல்பவரோடு பேசும். மூன்றாவது கதையில் புலிக்குட்டி டிக்கர் மரத்தின் உச்சிக்குத் தாவிவிட்டு இறங்கப் பயந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும்போது, கதை சொல்பவர் புத்தகத்தையே சாய்த்துப் பிடிக்கிறார். டிக்கர் எழுத்துகள் மேல் சறுக்கித் தரைக்கு வந்துவிடுகிறது. அண்ணன் மகன் அந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்டினான். இது கதை, இதை யாரோ ஒருவர் கையில் பிடித்திருக்கிறார், வேண்டுமானால் மாற்றவும் முடியும் என்பதை நாலு வயதுக்கு இதைவிட நன்றாகக் காட்டிய படம் எனக்குத் தெரியாது.

ஆனால் இரண்டாவது கதையில் எச்சரிக்கை வேண்டும். காற்றடிக்கும் இரவு, பூ தனியாக இருக்கிறது, வெளியே ஏதோ உறுமுகிறது. கதவைத் திறந்ததும் டிக்கர் பாய்ந்து விழுகிறது. அப்புறம் பூவுக்கு ஒரு கெட்ட கனவு: கருப்புப் பின்னணியில் யானை மாதிரியும் கீரி மாதிரியும் உருமாறும் வண்ண வண்ண உருவங்கள், கூடவே ஒரு பாட்டு. இருட்டும் திடீர்ச் சத்தமும் இங்கே சேர்ந்தே வருகின்றன. மூன்றாவதிலும் முயல் பனிமூட்டத்தில் வழி தவறி, தவளைச் சத்தத்துக்கு நடுங்கும் ஒரு துண்டு உண்டு, அது சிறியது. எனவே முதல் நாள் முதல் கதை, இன்னொரு நாள் மூன்றாவது. இரண்டாவதைக் கடைசியில் பார்க்கலாம், பார்க்காமலே விட்டாலும் நஷ்டமில்லை.

இனி மை நெய்பர் டோட்டரோ. மியாசாகி இயக்கி 1988-இல் வந்தது, 86 நிமிடம். ‘வில்லனே இல்லாத படம், கண்ணை மூடிக்கொண்டு போடலாம்’ என்று பலரும் சொல்வார்கள். முதல் பாதி உண்மை, இரண்டாம் பாதியை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வில்லன் இல்லைதான். ஆனால் இருட்டு நிறைய இருக்கிறது. பழைய வீட்டின் மச்சு, அங்கே கூட்டமாக ஓடும் கரித்தூசி உருண்டைகள், மழை பெய்யும் இரவில் ஒற்றை விளக்கு எரியும் பஸ் நிறுத்தம், விளக்குக் கண்களோடு இளித்துக்கொண்டு வரும் பூனைப் பேருந்து. காட்டில் வாழும் பெரிய பிராணியான டோட்டரோவும் வாயைப் பிளந்து முழங்கும்.

அப்படியிருந்தும் இந்தப் பிள்ளைக்கு நான் முதலிடம் தருவது இதற்குத்தான். இந்தப் படம் பயத்தை மறைக்காமல், அதை என்ன செய்வது என்று காட்டுகிறது. புது வீட்டின் முதல் இரவில் காற்று அடித்து வீடே கடகடவென்று ஆடுகிறது. அப்பாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் குளித்துக்கொண்டிருக்கிறார்கள், பிள்ளைகள் முகத்தில் கலவரம். அப்பா திடீரென்று உரக்கச் சிரிக்கிறார், எல்லோரும் சிரியுங்கள், பயமுறுத்துவது ஓடிப்போய்விடும் என்கிறார். மூவரும் தண்ணீரை வாரி அடித்துச் சிரிக்கச் சிரிக்க, கரித்தூசி உருண்டைகள் வீட்டை விட்டே கிளம்புகின்றன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஆடி மாதம் முழுக்கத் தகரக் கூரை தடதடக்கும் ஊர்ப் பிள்ளைக்கு இந்தக் காட்சி நேராகப் போய்ச் சேரும். முழக்கமும் அப்படித்தான். டோட்டரோ கத்தும்போது அதன் வயிற்றின் மேல் படுத்திருக்கும் நாலு வயது மே பயப்படுவதில்லை, அதன் பெயரைக் கேட்கிறாள். நம் பிள்ளை திரையிலுள்ள பிள்ளையின் முகத்தைப் பார்த்துத்தான் தான் பயப்பட வேண்டுமா என்று முடிவு செய்கிறது.

உண்மையான கஷ்டம் கடைசிப் பகுதியில். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், வீட்டுக்கு வருவது தள்ளிப்போகிறது. மே ஒரு சோளக்கதிரை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் வழி தவறிவிடுகிறாள். ஊரே தேடுகிறது, குளத்தில் ஒரு செருப்பு கிடைக்கிறது. அது அவளுடையது இல்லை, ஆனால் அதைச் சொல்லும்வரை அந்த நிமிடங்கள் கனமானவை. சத்தமே இல்லாமல் வரும் பயம் இது. வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியில் இருக்கும் காலமானால் இந்தப் படத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இவனுக்கு அந்தப் பகுதி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: “மே தொலைஞ்சு போவா, அக்கா போய்க் கூட்டிட்டு வந்துருவா.” நடுவில் திரையை விட்டு என் முகத்தையே பார்த்தான். “அத்தை, அந்தச் செருப்பு அவளோடது இல்லதானே?” என்று கேட்டான். இல்லை என்றதும் திரும்பிக்கொண்டான். முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடும் என்பது பெரியவர்கள் கவலை. இந்த வயதுக்கு முடிவு தெரிந்தால்தான் பார்க்கவே முடியும்.

படம் எதுவானாலும் சத்தத்தை முன்கூட்டியே சரிசெய்ய வேண்டும். சினிமாவில் பேச்சு மெதுவாகவும் இடி, முழக்கம், மோதல் எல்லாம் பலமாகவும் கலக்கப்பட்டிருக்கும். பேச்சு கேட்கவில்லை என்று நாம் சத்தத்தைக் கூட்டி வைக்கிறோம், அடுத்த நிமிடம் டமால் என்று விழுகிறது. பிள்ளை தூங்கியபின் டோட்டரோ முழங்கும் காட்சியை மட்டும் ஓடவிட்டு, அது இதமாகக் கேட்கும் அளவில் சத்தத்தை வைத்துக்கொண்டேன். பேச்சு மெல்லியதாகிவிடும்தான், பரவாயில்லை. ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ ஓடும் படத்துக்கு நாம்தானே பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லப்போகிறோம். சில டிவிகளில் சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் வசதி அமைப்புகளில் இருக்கும், இருந்தால் போட்டுவிடுங்கள். அறை விளக்கு எரியட்டும், அல்லது பகலில் பாருங்கள். அறை இருட்டாக இருந்தால் படத்தின் இருட்டு அறை முழுக்கப் பரவிவிடும்.

பிள்ளை அழும்வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர் வேண்டும், ஒண்ணுக்கு வருது என்று திடீரென்று கேட்பான், இல்லையென்றால் பேச்சே நின்றுவிடும். அந்த நேரத்தில் பட்டென்று அணைத்தால் பயந்த காட்சிதான் மனதில் கடைசியாக நிற்கும். அதைவிட அந்தச் சிக்கல் தீரும் இடத்துக்கு ஓட்டி, மே அக்காவின் கையைப் பிடித்துவிட்டாள் என்பதைக் காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

முதலிடம் டோட்டரோவுக்குத்தான் என்றாலும் எங்கள் வீட்டில் போட்டுக் காட்டும் வரிசை இது: முதலில் ஷான் தொடர், பிறகு பூவின் முதல் கதை, அது பழகியதும் டோட்டரோ. கெட்டவனுக்கும் கத்தலுக்கும் மட்டும் பயம், இருட்டு பரவாயில்லை என்கிற பிள்ளையானால் டோட்டரோவிலேயே தொடங்கலாம். இருட்டுதான் பெரிய பயம் என்றால் பூவோடு சில மாதம் இருங்கள். டோட்டரோ பிடித்துப்போய் அதே இயக்குநரின் போன்யோவை (2008) கேட்டால் கொஞ்சம் பொறுங்கள். அதில் கடல் பொங்கிக் காரைத் துரத்தும் புயல் நீளமானது, சத்தமும் அதிகம். அண்ணன் மகனுக்கு அதை ஆறு வயதில்தான் போடுவதாக இருக்கிறேன்.