ஓய்வுக்குப் பின் கவிதை: குறள் வெண்பாவா, புதுக்கவிதையா?

பல ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர் மறுபடி கவிதை எழுத உட்கார்ந்தால், குறள் வெண்பாவில் தொடங்குவதே நல்லது என்பேன். தவறு எங்கே என்று தானே கண்டுபிடித்துவிடலாம்.

'கணக்கில் கூட்டிய எண்கள்' என்று தொடங்குகிறார் என்று வையுங்கள். 'கணக்கில்' என்பதில் 'கணக்' நிரை அசை, 'கில்' நேர் அசை; இப்படி நேரில் முடியும் ஈரசைச் சீர் மாச்சீர். அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். 'கூட்டிய' நேரில் தொடங்குகிறது. சீரோடு சீரைச் சேர்க்கும் தளை தட்டுகிறது. சரி, 'பேரேட்டில்' என்று மாற்றினால் அது மூவசையாய் நேரில் முடியும் காய்ச்சீர், அதற்குப் பின் நேர்தான் வர வேண்டும்:

பேரேட்டில் கூட்டிய எண்கள் மறந்தாலும்
பேனா மறவா விரல்.

'விரல்' ஒரே நிரை, மலர் என்னும் வாய்பாடு. ஈற்றடி முறையாக முடிகிறது. மோனை உண்டு, எதுகை இல்லை. தளைக்காகத் தேடியதில் 'பேரேடு' என்ற அலுவலகச் சொல்லும் கிடைத்தது. ஆனால் அசை நிரப்ப 'அந்தோ', 'நன்றே' என்று செருகத் தொடங்கினால் பாட்டு செத்துவிடும்.

புதுக்கவிதையில் இந்தக் காவல் இல்லை. கோப்புக் குறிப்பு எழுதிப் பழகிய கை எல்லாவற்றையும் விளக்கும்:

ஓய்வு பெற்ற பிறகும்
பழக்கத்தால்
காலை ஒன்பதுக்கு
பேருந்து நிறுத்தம் வரை போகிறேன்

வரிகளைச் சேர்த்துப் படித்தால் எதுவும் குறையவில்லை, இது உரைநடைதான். முதல் இரண்டு வரிகளை அடித்துவிட்டு,

காலை ஒன்பது.
பேருந்தை
அனுப்பிவிட்டுத் திரும்பினேன்

என்றால் காரணத்தை வாசகரே கண்டுகொள்வார். அப்புறம், பேச்சுவழக்கு உரையாடலும் இதில் இயல்பாக உட்காரும். வெண்பாவில் அது கடினம்.