எண்ணைப் பார்க்காதீர்கள், முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்

காரைக்குடிப் பயணம் முடிந்து பினாங்கு திரும்பிய இரண்டாவது வாரம், பட்டர்வொர்த்தில் இருக்கும் என் மச்சான் இந்திய ரயில் டிக்கெட் ஒன்றைப் படமெடுத்து அனுப்பினார். அதில் காத்திருப்போர் வரிசை எண் RLWL 4 என்று இருந்தது. "நாலுதானே மாப்பிள்ளை, இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே, கிடைத்துவிடும் இல்லையா?" என்று கேட்டிருந்தார். ஒரு மாதத்துக்கு முன்னால் நானும் இதே எண்ணைப் பார்த்து இதே மாதிரிதான் நம்பினேன். அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

நமக்கு முதலில் குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு இடிஎஸ் ரயிலில் டிக்கெட் வாங்கினால் பெட்டி எண்ணும் இருக்கை எண்ணும் கைக்கு வரும். இடம் இல்லையென்றால் விற்க மாட்டார்கள். காசைக் கட்டிவிட்டு இடம் கிடைக்குமா என்று காத்திருக்கும் டிக்கெட் நமக்குப் பழக்கமில்லை. இந்திய ரயில்வேயில் டிக்கெட் என்பது மூன்று நிலைகளில் ஒன்றாக இருக்கும். CNF என்றால் படுக்கை உறுதி. RAC என்றால் ரயிலில் ஏற உரிமை உண்டு, உட்கார இடமும் உண்டு, படுக்கை மட்டும் இன்னும் முழுதாக உங்களுடையதல்ல. WL என்றால் நீங்கள் வரிசையில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

2025 செப்டம்பர் பள்ளி விடுமுறைக்கு நான், மனைவி, மகன், எழுபது வயதைத் தாண்டிய அம்மா என்று நான்கு பேர் கிளம்பினோம். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் அது 120 நாளாக இருந்தது. காரைக்குடியில் இருக்கும் அத்தை மகன் தன் கணக்கில் எங்களுக்குப் பதிவு செய்துகொடுத்தார். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகும் இரவு ரயிலில், மூன்றடுக்கு ஏசி. நாங்கள் நாளைச் சொல்லத் தாமதித்ததால் GNWL 18, 19, 20, 21 என்று வந்தது.

பதினெட்டைப் பார்த்து அம்மா கவலைப்பட்டார். அத்தை மகன் கவலைப்படவில்லை. "இது ஜெனரல் வெயிட்டிங், சென்னையிலேயே புறப்படுகிற வண்டி. இறங்கிவிடும் அண்ணே" என்றார். இறங்குவது என்பது எண் குறைவதைத்தான். திரையில் GNWL18/WL9 என்று இரண்டு எண்கள் காட்டும். முதலாவது பதிவு செய்த அன்றைய இடம், அது மாறாது. இரண்டாவது இன்றைய இடம். நமக்கு வேண்டியது இரண்டாவது மட்டுமே. முன்னால் இருப்பவர்கள் ரத்துசெய்யச் செய்ய அது குறைந்து, ஒன்றைத் தாண்டியதும் RAC ஆகி, அதன் பிறகு CNF ஆகும். நாங்கள் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் எங்கள் எண்கள் 3 முதல் 6 வரை வந்து நின்றன.

இனிமேல் எல்லாம் சார்ட்டின் கையில். சார்ட் என்பது அந்த ரயிலின் கடைசிப் பயணிகள் பட்டியல். அது தயாராகும் வரை எந்த நிலையும் மாறலாம். முக்கியஸ்தர்கள், அவசரக்காரர்கள் என்று ஒதுக்கி வைத்திருக்கும் இடங்களில் எடுக்கப்படாதவை சார்ட் போடும்போதுதான் பொதுப் பட்டியலுக்கு வருகின்றன. அதனால் அந்த ஒரு கணத்தில் எண்கள் சட்டென்று நகரும். முன்பு ரயில் புறப்பட 4 மணி நேரத்துக்கு முன் சார்ட் போட்டார்கள். 2025 ஜூலையில் அதை 8 மணி நேரமாக்கினார்கள். பிற்பகல் 2 மணிக்குள் புறப்படும் ரயிலுக்கு முந்தின நாள் இரவு 9 மணிக்கே சார்ட் என்றும் வைத்தார்கள். நாங்கள் போனபோது இந்த முறைதான் நடப்பில் இருந்தது. வெளியூரிலிருந்து வந்து ரயிலை நம்பியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய நன்மை. இடம் இல்லையென்று தெரிந்தால் பஸ் பிடிக்கப் பகல் முழுதும் மிச்சம் இருக்கிறது.

அன்று பகல் பதினோரு மணிக்கு மேல், சென்னையில் ஓட்டல் அறையில் டிக்கெட்டின் பத்து இலக்க PNR எண்ணைப் போட்டுப் பார்த்தோம். கீழே Chart Prepared என்று இருந்தது. எங்கள் நான்கு பேருக்கும் RAC. பக்கத்தில் பெட்டியும் படுக்கை எண்ணும்: B2 23, B2 23, B2 31, B2 31. ஒரே எண் இரண்டு தடவை வந்ததைப் பார்த்து மனைவி, தவறாக அச்சாகிவிட்டது என்று நினைத்தாள். தவறில்லை. RAC-யில் ஒரு பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை இரண்டு பேருக்கு இருக்கையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். மூன்றடுக்குப் பெட்டியில் எட்டெட்டாக எண்ணினால் ஒவ்வொரு எட்டுக்கும் முந்தின எண் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை: 7, 15, 23, 31 என்று போகும். உங்கள் டிக்கெட்டில் இந்த எண் இருந்து நிலை RAC என்றிருந்தால் எதிரில் ஒருவர் உட்காருவார் என்று பொருள். எங்களுக்கு எதிரில் உட்கார்ந்தது எங்கள் வீட்டு ஆட்களே. ரயில் நகர்ந்து கொஞ்ச நேரத்தில் டிக்கெட் பரிசோதகர் கையடக்கக் கருவியுடன் வந்தார். வராத பயணிகளின் இடங்களை அதில் குறித்துக்கொண்டே வந்து, RAC வரிசைப்படி எங்களுக்கு ஒரு படுக்கையைக் கொடுத்தார். அது மேல் படுக்கை. மகன் அங்கே ஏறிக்கொண்டான், அம்மா 23-இல் கால் நீட்டிப் படுத்தார், நானும் மனைவியும் 31-இல் உட்கார்ந்தபடி காரைக்குடி வரை போனோம். RAC-க்கும் முழுப் படுக்கைக் கட்டணம்தான் வாங்குகிறார்கள். அரைப் படுக்கைக்கு அது நியாயமாக எனக்குப் படவில்லை.

இப்படிப் பதினெட்டு இறங்கிய அனுபவத்தோடுதான் திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தோம். அதே ரயில், எதிர்த் திசை. ராமேஸ்வரத்தில் புறப்பட்டு வருவது, நாங்கள் காரைக்குடியில் ஏறவேண்டும். RLWL 4, 5, 6, 7. பதினெட்டே இறங்கியதே, நாலு எம்மாத்திரம் என்று நான் வேறு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. பயண நாள் காலையில் சார்ட் போட்டாயிற்று. எங்கள் நிலை WL 1, 2, 3, 4. மூன்றே மூன்று எண்தான் நகர்ந்திருந்தது.

காரணத்தை அத்தை மகன் அன்றுதான் விளக்கினார். ஒரு ரயிலின் இடங்கள் எல்லாம் ஒரே பாத்திரத்தில் இல்லை. புறப்படும் ஊருக்கும் அதையொட்டிய ஊர்களுக்கும் பெரிய பங்கு. அதற்கான காத்திருப்போர் பட்டியல்தான் GNWL. நடுவழியில் இருக்கும் சில முக்கிய ஊர்களுக்குத் தனியாகச் சிறிய பங்கு ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பட்டியல் RLWL. பல சிறிய ஊர்கள் சேர்ந்து பகிர்ந்துகொள்ளும் பங்கு ஒன்று உண்டு, அதன் பட்டியல் PQWL. நீங்கள் எந்தப் பட்டியலில் நிற்கிறீர்களோ, அந்தப் பங்கில் யாராவது ரத்துசெய்தால்தான் உங்கள் எண் நகரும். பெரிய பங்கில் இடம் எடுத்தவர்கள் பல நூறு பேர், அவர்களில் இருபது பேர் மனம் மாறுவது எளிது. சிறிய பங்கில் மொத்தமே சில பேர். அவர்களில் ஏழு பேர் பயணத்தைக் கைவிட்டால்தான் எங்கள் நான்கு பேருக்கும் இடம். அதனால் RLWL 4 என்பது GNWL 18-ஐவிட மோசமான இடம். எண் சிறியதாக இருப்பது கண்ணை ஏமாற்றுகிறது.

இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் எல்லோருமே WL நிலையில் சார்ட் முடிந்தால் டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ரயிலில் ஏறக்கூடாது, ஏறினால் டிக்கெட் இல்லாதவராகவே நடத்துவார்கள். பணம் பதிவு செய்தவரின் கணக்குக்குத் திரும்பும், இணையதளத்தின் சேவைக் கட்டணம் திரும்பாது. ஒரே PNR-இல் ஒருவருக்காவது CNF அல்லது RAC வந்திருந்தால் டிக்கெட் தானாக ரத்தாகாது. RAC-யில் இருந்து பயணத்தைக் கைவிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு: ரயில் புறப்பட அரை மணி நேரத்துக்கு முன்பே நீங்களாக ரத்துசெய்ய வேண்டும். RAC தானாக ரத்தாகாது.

கடைசி நேர அவசர முன்பதிவான தட்கல் எடுக்கலாமே என்று மனைவி கேட்டாள். அது முந்தின நாளே திறந்து முடிந்திருந்தது. மேலும் 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் இணைத்த கணக்கு வேண்டும். ஆதார் இல்லாத மலேசியர் தன் சொந்தக் கணக்கில் அதை எடுக்க முடியாது.

எங்களைக் காப்பாற்றியது சார்ட்தான். நல்லவேளையாக விமானத்துக்கு ஒரு நாள் இடைவெளி வைத்திருந்தோம். காரைக்குடியிலிருந்தே அதிகாலையில் புறப்படும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. அதற்கு அப்போது முந்தின நாள் இரவு 9 மணிக்குச் சார்ட் போட்டார்கள். சார்ட் முடிந்த பிறகு மிஞ்சும் இடங்களை, இரண்டாவது சார்ட் போடும் வரை, அதாவது புறப்பட அரை மணி நேரம் வரை விற்பார்கள். திரையில் அது CURR_AVBL என்று வரும். அதில் வாங்கினால் காத்திருப்பே கிடையாது, உடனே இருக்கை எண். ஒன்பதே காலுக்குப் பார்த்தபோது CURR_AVBL இருந்தது. நான்கு இருக்கைகள் எடுத்துவிட்டு அம்மாவைத் தூங்கச் சொன்னேன். இப்படிக் கடைசி நேரத்தில் கிடைத்தது அன்றைய வாய்ப்பு. பண்டிகைக்கு முந்தின இரவில் இதை நம்பி யாரும் உட்காரக்கூடாது.

அடுத்த முறைக்கு அத்தை மகன் சொன்ன வழியை மச்சானுக்கும் எழுதினேன். காரைக்குடியிலிருந்து என்று தேடாமல், ரயில் புறப்படும் ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு என்று தேட வேண்டும். பதிவு செய்யும்போதே ஏறும் ஊர் என்ற இடத்தில் காரைக்குடியைத் தேர்ந்தெடுக்கலாம். கட்டணம் ராமேஸ்வரத்திலிருந்து கணக்கிடப்படும், கொஞ்சம் கூடுதல். ஆனால் அப்போது நிற்பது பெரிய பங்கின் வரிசையில். ஏறும் ஊரைக் குறிப்பிட மறந்தால் மட்டும் ஆபத்து. ராமேஸ்வரத்தில் ஏறாத பயணி என்று கணக்கிட்டு, படுக்கையை RAC-யில் இருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

மச்சான் அன்றிரவே பழைய டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டு ராமேஸ்வரத்திலிருந்து எடுத்தார். மறுநாள் காலை படம் வந்தது: GNWL 16. ஏறும் ஊர் காரைக்குடி. "எண் கூடிவிட்டதே" என்று எழுதியிருந்தார். சார்ட் போடும் நாளையும் நேரத்தையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.