மின்னஞ்சலில் ‘முடியாது’ சொல்வது எப்படி? குறிப்புப் பாணியும் நேர்ப் பாணியும்

மியூனிக்கில் ஒரு சோதனைக் குழு. ஒசாகாவில் அந்தக் குழுவுக்காக மென்பொருள் எழுதும் இன்னொரு குழு. புதிய பதிப்பு மார்ச் 20 அன்று வர வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. திங்கள்கிழமை மியூனிக்கிலிருந்து இப்படி ஒரு மின்னஞ்சல் போகிறது:

> வணக்கம். வாடிக்கையாளர் சோதனை ஒரு வாரம் முன்னதாகவே நடக்கப்போகிறது. மார்ச் 20க்குப் பதிலாக 13ஆம் தேதி பதிப்பைத் தர முடியுமா? புதன்கிழமைக்குள் பதில் தேவை. நன்றி.

புதன்கிழமை மாலை ஒசாகாவிலிருந்து பதில் வருகிறது:

> எப்போதும் தந்துவரும் ஒத்துழைப்புக்கு மிக்க நன்றி. உங்கள் நிலைமை புரிகிறது. சென்ற கூட்டத்தில் பேசியபடி, எங்கள் குழு இப்போது நினைவகக் கோளாறைச் சரிசெய்வதில் முழுமையாக ஈடுபட்டிருக்கிறது. 13ஆம் தேதி என்பது சற்றுக் கடினமாக இருக்கலாம். எனினும் உள்ளே கலந்து பேசிப் பரிசீலிக்கிறோம். தொடர்ந்து உங்கள் ஆதரவை வேண்டுகிறோம்.

மியூனிக் பொறியாளர் இதைப் படித்துவிட்டு, “கஷ்டம்தான், ஆனாலும் முயற்சி செய்கிறார்கள்” என்று எடுத்துக்கொள்கிறார். அட்டவணையில் 13ஆம் தேதியை எழுதி, பக்கத்தில் ‘உறுதி வர வேண்டும்’ என்று குறித்துவைக்கிறார். ஒசாகா குழுத் தலைவரைப் பொறுத்தவரை விஷயம் அன்றே முடிந்துவிட்டது. அவர் முடியாது என்று சொல்லிவிட்டார். 13ஆம் தேதி எதுவும் வராதபோது ஒரு பக்கம் “முன்பே சொல்லியிருக்கலாமே” என்கிறது, மறுபக்கம் “சொன்னோமே” என்கிறது. இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் டி. ஹால் 1976இல் முன்வைத்த பாகுபாடு இந்த இடத்தில் உதவுகிறது. ஆங்கிலத்தில் ஹை-கான்டெக்ஸ்ட், லோ-கான்டெக்ஸ்ட் என்பார்கள். நான் இங்கே குறிப்புப் பாணி, நேர்ப் பாணி என்கிறேன். ஹால் கேட்ட கேள்வி, செய்தி எங்கே இருக்கிறது என்பதுதான். எழுதிய சொற்களிலேயே எல்லாம் இருக்கிறதா, அல்லது பேசுகிற இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்தவற்றில், அவர்களின் உறவில், சொல்லாமல் விட்டதில் பெரும்பகுதி இருக்கிறதா? ஜப்பானையும் சீனாவையும் அவர் குறிப்புப் பாணியில் வைத்தார். ஜெர்மானியரையும் ஸ்காண்டிநேவியரையும் நேர்ப் பாணியில் வைத்தார். பணிவு, கடுமை என்ற பேச்சுக்கு இதில் பெரிய இடமில்லை. நேர்ப் பாணிக்காரர் மிகப் பணிவாகவும் எழுதலாம், குறிப்புப் பாணிக்காரர் மிகக் கூர்மையாகவும் குத்தலாம்.

ஒசாகா பதிலை அந்தக் கண்ணோடு மறுபடி படித்தால் மறுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். கேள்விக்கு விடை வருவதற்கு முன்பே காரணம் வந்துவிட்டது. ‘கடினம்’ என்ற சொல் இருக்கிறது. இதற்கான ஜப்பானியச் சொல் ‘முசுகாஷீ’. வேலை இடங்களில் அது பெரும்பாலும் ‘முடியாது’ என்பதற்கு மாற்றாகவே வரும். ‘கென்டோ ஷிமாஸ்’, அதாவது ‘பரிசீலிக்கிறோம்’, என்பதும் இருக்கிறது, ஆனால் எப்போதைக்குள் என்று இல்லை. எல்லாவற்றையும் விட முக்கியம், அந்த மடலில் வேறு எந்தத் தேதியும் இல்லாதது. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. எல்லாம் ஒரே மடலில் சேர்ந்து வந்தால் அது மறுப்புத்தான்.

நேரில் பேசியிருந்தால் இவ்வளவு சிரமம் இருந்திருக்காது. அதே ‘கடினமாக இருக்கலாம்’ ஒரு நீண்ட மூச்சை உள்ளிழுத்த பிறகு, தலையைச் சற்றுச் சாய்த்தபடி வந்திருக்கும். அயல்நாட்டவருக்குக்கூட ஏதோ சரியில்லை என்று உறைத்திருக்கும். மின்னஞ்சல் அதையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் சொற்களை மட்டும் கொண்டுசேர்க்கிறது. தான் எழுதியதன் தொனி எதிராளிக்குப் போய்ச் சேராது என்பது எழுதுகிறவருக்கு எளிதில் தோன்றுவதும் இல்லை. 2005இல் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி குழுவினர் வெளியிட்ட ஓர் ஆய்வில், மின்னஞ்சலில் எழுதிய வாக்கியம் கிண்டலா, உண்மையா என்பதைப் படிப்பவர்கள் 78 விழுக்காடு சரியாகக் கண்டுபிடிப்பார்கள் என்று எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். கண்டுபிடித்தது 56 விழுக்காடுதான். நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும். இரண்டு நாடுகளுக்கு இடையே போகும் மடல் இதைவிட நன்றாகப் புரியும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இதுவரை சொன்னதைப் பார்த்தால் நேர்ப் பாணிதான் சரி என்று தோன்றும். ஆனால் மியூனிக் மடல் ஒசாகாவில் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ‘புதன்கிழமைக்குள் பதில் தேவை’ என்பது அனுப்பியவருக்கு வெறும் தகவல். பெறுபவருக்கு அது கட்டளையாகக் கேட்கிறது, அதுவும் சம நிலையில் இருப்பவரிடமிருந்து. 13ஆம் தேதி தவறிய பிறகு மியூனிக் செய்வது இன்னும் மோசமாக இறங்குகிறது. நடந்ததைத் தேதிவாரியாகத் தொகுத்து, யார் எப்போது என்ன எழுதினார்கள் என்று வரிசையிட்டு, இரு பக்க மேலாளர்களையும் சிசியில் சேர்த்து அனுப்புகிறார்கள். அவர்கள் நோக்கம் குழப்பம் தீர்வது மட்டுமே. பெறுபவரோ மேலதிகாரியின் முன்னால் குற்றப்பத்திரிகை வாசிக்கக் கேட்டதுபோல் உணர்கிறார். பேசி முடித்ததை எழுத்தில் உறுதிப்படுத்துவது ஒரு பக்கத்துக்கு ஒழுங்கு, மறுபக்கத்துக்கு ‘உன் வாய்ச்சொல்லை நம்பவில்லை’ என்ற அறிவிப்பு.

அதற்கப்புறம் நடப்பதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துவது. நெருக்கடி வந்ததும் இருவரும் அவரவர் பாணிக்குள் இன்னும் ஆழமாகப் போகிறார்கள். ஒசாகாவின் மடல்கள் மேலும் நீண்டு, மேலும் பணிந்து, மேலும் மங்கலாகின்றன. அதைப் பார்த்து மியூனிக்கின் மடல்கள் இன்னும் குறுகி, எண்ணிட்ட கேள்விகளாக மாறுகின்றன. அந்தக் கேள்விகளைக் கண்டதும் ஒசாகா மேலும் பின்வாங்குகிறது. இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரே மடல்தொடரில் முதல் பதிலையும் ஐந்தாவது பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மரியாதை வரிகள் கூடி, தேதிகளும் எண்களும் குறைந்திருந்தால் தொடங்கிவிட்டது. அந்த நிலையில் இன்னொரு மடல் எழுதாமல் தொலைபேசியை எடுப்பதே நல்லது.

அப்படியானால் எதற்கு எது? என் கணக்கில் தேதி, எண், பதிப்பு, பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றுக்கு நேர்ப் பாணியைத் தவிர வேறு வழியில்லை. குறிப்புப் பாணி வேலைசெய்ய இருவருக்கும் ஒரே பின்னணி வேண்டும், நாடு மாறினால் அது இல்லை. ஜப்பானியரும் பிரேசில்காரரும் எழுதிக்கொள்ளும்போது இருவருமே குறிப்பால் பேசுகிறவர்கள் என்பதால் நன்றாகப் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இருவரின் குறிப்புகளும் வேறு வேறு. இருவரும் தாம் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே பொதுத் தளமாக நேர்ப் பாணியே இருக்க வேண்டும்.

ஆனால் மறுப்பு, குறை, தவறு என்று வரும்போது குறிப்புப் பாணியின் வழிமுறை மேலானது என்பது என் உறுதியான எண்ணம். நான் சொல்வது அதன் மங்கலான சொற்களை அல்ல, அது செல்லும் பாதையை. ஜப்பானில் ‘நெமாவாஷி’ என்பார்கள். மரத்தை இடம் மாற்றும் முன் அதன் வேர்களைச் சுற்றிப் பக்குவப்படுத்துவதைக் குறிக்கும் சொல் அது. கூட்டத்துக்கோ பொது மடலுக்கோ முன்பு, சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி வைப்பார்கள். தவறிய தேதியைப் பற்றி முதலில் ஒசாகா தலைவருக்கு மட்டும், சிசி எதுவும் இல்லாமல் எழுதியிருந்தால் மியூனிக்குக்கு வேண்டிய தகவல் அன்றே கிடைத்திருக்க வாய்ப்பு அதிகம். பிறகு எல்லோருக்கும் தொகுப்பு அனுப்பலாம். அதுவும் ‘நான் புரிந்துகொண்டது இது, என் புரிதலில் பிழை இருந்தால் திருத்துங்கள்’ என்று தொடங்கினால் பழி எழுதுகிறவர் மேலேயே நின்றுவிடும்.

எதிராளியிடம் “தெளிவாகச் சொல்லுங்கள்” என்று கேட்பது பலனளிப்பதில்லை. மங்கலாக எழுதுகிறவருக்குப் பல நேரங்களில் மறுக்கும் அதிகாரமே இருக்காது. குழு முழுவதும் ஒப்பாமல் அவரால் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. எனவே கேள்வியின் வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும். ‘13ஆம் தேதி தர முடியுமா?’ என்ற கேள்வி எதிரிலிருப்பவரை ஆம், இல்லை என்ற இரண்டுக்கும் நடுவே மாட்டிவிடுகிறது. அதே மடலை இப்படி எழுதலாம்:

> சோதனை 13ஆம் தேதி தொடங்குகிறது. மூன்று வழிகள் தெரிகின்றன. (அ) முழுப் பதிப்பு, மார்ச் 20. (ஆ) நினைவகத் திருத்தம் இல்லாத பதிப்பு, மார்ச் 13. (இ) நீங்கள் சொல்லும் வேறு தேதி. உங்கள் குழுவுக்கு எது பொருந்தும்? உள்ளே பேச நேரம் வேண்டுமென்றால், எந்த நாளில் தெரியும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இதில் (அ)வைத் தேர்ந்தெடுப்பதே மறுப்பு. ‘முடியாது’ என்ற சொல்லை யாரும் எழுத வேண்டியதில்லை, மியூனிக்குக்கு ஒரு தேதியும் கிடைத்துவிடுகிறது. கடைசி வரி ஒரு சோதனையும்கூட. ‘பரிசீலிக்கிறோம்’ என்பது எப்போதும் மறுப்பு அல்ல, சில சமயம் உண்மையிலேயே உள்ளே பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் ஒரு நாளோ, யாரைக் கேட்கிறோம் என்ற தகவலோ, ‘எல்லா அம்சமும் வேண்டுமா?’ போன்ற எதிர்க்கேள்வியோ வரும். மீண்டும் நன்றி மட்டும் வந்தால் அட்டவணையில் 20 என்றே எழுதுங்கள்.

ஒசாகா பக்கமும் தன் பாணியைக் கைவிடாமலே ஒரு வரியைச் சேர்க்கலாம்: ‘மார்ச் 20ஐ மாற்றாமல் வைத்துக்கொள்ளும்படி வேண்டுகிறோம்.’ இது ஒரு வேண்டுகோள், பணிவும் குறையவில்லை. தேதி இருப்பதால் யாரும் தவறாகப் படிக்கவும் வழியில்லை. முன்னே நன்றி, பின்னே ஆதரவு வேண்டுதல் எல்லாம் அப்படியே இருக்கட்டும், இந்த வரி மட்டும் மேலே வந்தால் போதும்.

நாட்டின் பெயரை வைத்து ஆளை முடிவுசெய்யும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்த நாடு எந்தப் படியில் என்று ஹாலின் பெயரால் சுற்றும் வரிசைக்குப் போதிய சோதனைச் சான்று இல்லை என்று பீட்டர் கார்டன் 2008இல் ஒரு விமர்சனக் கட்டுரையில் காட்டினார். நேராக எழுதும் ஒசாகாக்காரரும் சுற்றிவளைக்கும் மியூனிக்காரரும் உண்டு. ஆகவே சந்தேகம் வரும்போது நாட்டு வரிசையைத் தேடாமல், அதே நபர் முன்பு ஒன்றுக்குச் சம்மதித்து எழுதிய பழைய மடலைத் தேடி எடுங்கள். அதில் தேதியும் பொறுப்பாளர் பெயரும் இருந்து, இன்று வந்த மடலில் இரண்டும் இல்லையென்றால், 13ஆம் தேதியை நம்பி வாடிக்கையாளருக்கு எழுதும் முன் ஒசாகாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போக வேண்டும்.