எண்ணிக்கை சரி, பிடித்தது தப்பு: ரெஜெக்ஸ் டெஸ்டருடன் 3 வருடம்

போன வாரம் காட்பாடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, வாணியம்பாடியிலிருந்து சித்தி பையன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அங்கே ஒரு டேனரி ஆபீஸில் லாட் பதிவுகளைப் பார்த்துக்கொள்கிறான். "அண்ணா, ஹோல்டுல இருக்கற லாட் நம்பர் மட்டும் வேணும். இது எல்லாத்தையும் சேத்து அள்ளுது. ஏன்?" என்று கேட்டிருந்தான். அவனுக்குப் பதில் சொல்லி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். அவன் பயன்படுத்துவதும் நான் 3 வருடமாகத் தினமும் திறக்கும் அதே ரெஜெக்ஸ் டெஸ்டர்தான், ஒரு பேட்டர்ன் டெக்ஸ்டில் எங்கெங்கே பொருந்துகிறது என்று காட்டும் கருவி. மேலே பேட்டர்ன், கீழே டெக்ஸ்ட், ஓரத்தில் மேட்ச் விவரம். இந்த அமைப்பு பழகியவர்களுக்குத் தெரிந்ததுதான், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அவனுடைய பதிவில் ஒரு வரி இப்படி இருந்தது. முதல் 3 எழுத்தும் ஊர்: வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, குடியாத்தம்.

```
[VNB-12] OK [AMB-07] HOLD [RPT-31] OK [GYM-04] HOLD
```

அவன் எழுதிய பேட்டர்ன் இது:

```
\[(.*)\] HOLD
```

படத்தில் வரி முழுக்க ஒரே நீலம். மேலே "1 match" என்று போட்டிருந்தது. பேட்டர்ன் பெட்டியின் வலது ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தான், அதனால் ஃப்ளாக் என்ன என்றே தெரியவில்லை. இதை யார் செய்தாலும் எனக்குக் கோபம் வரும், ஏனென்றால் பாதி விடை அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. 2 எதிர்பார்த்த இடத்தில் 1 வந்தால், முதல் மேட்ச்சோடு நிற்காமல் எல்லாவற்றையும் தேடச் சொல்லும் `g` ஃப்ளாக் விடுபட்டிருக்குமோ என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் `g` விடுபட்டது மட்டுமே காரணம் என்றால் முதல் HOLD வரைதான் நிறம் இருக்கும், மீதி வரி வெள்ளையாகக் கிடக்கும். இங்கே வெள்ளையே இல்லை. முதல் அடைப்புக்குறியில் தொடங்கிய நீலம் முதல் HOLD-ஐத் தாண்டிப் போய்க் கடைசி HOLD-இல்தான் நின்றது. ஃப்ளாக் தெரியாமலேயே இது `.*` செய்த வேலை என்று சொல்லிவிடலாம். `.*` முதலில் வரியின் கடைசி வரைக்கும் ஓடிவிடும். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் வந்து, `] HOLD` எங்கே பொருந்துகிறது என்று பார்க்கும். பின்னாலிருந்து வருவதால் அதன் கண்ணில் முதலில் படுவது கடைசி HOLD.

நான் பதில் தட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படம் வந்துவிட்டது. யாரோ சொல்லிக் கேள்விக்குறி சேர்த்திருக்கிறான்.

```
\[(.*?)\] HOLD
```

"2 matches" என்று பச்சையில் பளிச்சென்று இருந்தது. "சரியாயிடுச்சு அண்ணா" என்று சந்தோஷமாக ஒரு வரி வேறு. உண்மையிலேயே 2 லாட்தான் ஹோல்டில் இருந்தன, எண்ணிக்கை பொருந்துகிறது. ஆனால் சரியாகவில்லை.

இந்த டெஸ்டரிடம் 3 வருடமாக என்னை எரிச்சலூட்டுவது இதுதான். எண்ணிக்கையை எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாகக் காட்டுகிறது. அடுத்தடுத்த மேட்ச்களுக்கு வெளிர்நீலம், கொஞ்சம் அடர்நீலம் என்று மாற்றி மாற்றிப் பூசுகிறது. ஃபோனில் வரும் சுருங்கிய படத்தில் இரண்டு நீலமும் ஒன்றாகத்தான் தெரியும். அவன் படத்தில் இரண்டு மேட்ச்சுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒரே ஒரு ஸ்பேஸ். அந்த மெல்லிய வெள்ளைக் கோட்டை வைத்துத்தான் 2 என்று கண்ணுக்குப் புரிந்தது. பேட்டர்னில் வளைவு அடைப்புக்குறிக்குள் பிடிபடும் பகுதிதான் குரூப். அதற்கான பச்சை நிறம் எங்கே தொடங்குகிறது என்று பெரிதாக்கிப் பார்த்தால், அது AMB-இல் தொடங்கவில்லை, VNB-இல் தொடங்கியது. அதாவது OK என்று போன லாட்டும் ஹோல்டு லாட்டோடு சேர்ந்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

நல்லவேளையாக இந்த முறை ஓரத்து விவரப் பகுதியையும் சேர்த்து எடுத்திருந்தான். இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஒவ்வொரு மேட்ச்சும் குரூப்பும் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்று எண்ணோடு போட்டிருக்கும்.

```
Match 1   0-25    [VNB-12] OK [AMB-07] HOLD
Group 1   1-19    VNB-12] OK [AMB-07
```

இட எண் 0-விலிருந்து தொடங்கும், முடிவு எண்ணில் உள்ள எழுத்து சேராது. ஆகவே குரூப்பின் நீளம் 19-இலிருந்து 1 போக 18. லாட் எண் என்பது எப்போதும் 6 எழுத்து. 6 வர வேண்டிய இடத்தில் 18 வந்தால், நிறத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. இரண்டாவது குரூப் 27-45, அதுவும் 18. அளவு ஒரே மாதிரி தப்பியிருக்கிறது என்றால் கோளாறு டெக்ஸ்டில் இல்லை, பேட்டர்னில்தான்.

கேள்விக்குறி ஏன் காப்பாற்றவில்லை என்பதை அவனுக்குப் புரியவைக்கத்தான் நேரம் பிடித்தது. `.*?` சீக்கிரம் முடிக்கப் பார்க்கும், அவ்வளவுதான். எங்கே தொடங்குவது என்பதில் அதற்கு எந்த உரிமையும் கிடையாது. தேடலை நடத்தும் இன்ஜின் இடமிருந்து வலமாகப் போகிறது. முதலில் கிடைத்த `[` வாணியம்பாடி லாட்டுடையது. அங்கே நின்றுகொண்டு, "இங்கிருந்து நீட்டிக்கொண்டே போனால் எப்போதாவது `] HOLD` வருமா?" என்று பார்க்கிறது. 19-ஆவது இடத்தில் வருகிறது. நடுவில் ஒரு `]` போனாலும், இன்னொரு `[` வந்தாலும் புள்ளிக்குக் கவலையில்லை, எல்லா எழுத்தும் அதற்குச் சம்மதம். ஆம்பூர் லாட்டின் `[` வரைக்கும் போய்ப் புதிதாகத் தொடங்க வேண்டிய தேவையே இன்ஜினுக்கு வரவில்லை.

ஆகவே புள்ளியை எடுத்துவிட வேண்டும். அடைப்புக்குறியைத் தாண்டாதே என்று பேட்டர்னிலேயே சொல்லிவிட வேண்டும்.

```
\[([^\[\]]*)\] HOLD
```

இப்போது VNB-இல் தொடங்கினால் `]` வரைதான் போக முடியும். அதற்குப் பின்னால் OK இருப்பதால் அந்த முயற்சி தோற்றுவிடும், இன்ஜின் அடுத்த `[`-க்கு நகர்ந்தே ஆக வேண்டும். குரூப் 13-19, அப்புறம் 39-45. இரண்டும் 6 எழுத்து. எண்ணிக்கை முன்பு போலவே 2.

பல பேர் `[^\]]*` என்று மூடும் குறியை மட்டும் தடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். எங்காவது ஒரு லாட்டில் மூடும் குறி விடுபட்டிருந்தால், அது அடுத்த லாட்டைப் பழையபடி விழுங்கும். டேனரி பதிவு கையால் அடிப்பது, விடுபடத்தான் செய்யும். இன்னொன்று: புள்ளி வழக்கமாக வரி முடிவோடு நின்றுவிடும், `[^\]]` நிற்காது, அடுத்த வரிக்கும் இறங்கிவிடும். புள்ளியையும் வரி தாண்டவைக்கும் `s` ஃப்ளாக் போடாமலே நீலம் அடுத்த வரியில் தொடர்வதைப் படத்தில் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். திறக்கும் குறியையும் சேர்த்துத் தடுத்துவிட்டால், விடுபட்ட இடத்தில் அந்த முயற்சி தோற்று, அடுத்த `[`-இல் சரியாகப் பிடித்துக்கொள்ளும்.

நல்ல கருவியா? நல்ல கருவிதான். அந்த இட எண்கள் இல்லாமல் என் வேலை ஒரு நாள்கூட ஓடாது. ஆனால் புதிதாகக் கற்பவனுக்கு இதைக் கொடு என்று இந்த வாரம் யாராவது கேட்டால் மாட்டேன் என்றுதான் சொல்வேன். தப்பான விடைக்கும் அதே பச்சையில் "2 matches" என்று காட்டுகிறது, நம்பிப் போனவன் OK ஆன தோலையும் ஹோல்டு பட்டியலில் சேர்த்து அனுப்பிவிடுவான். தம்பி அன்றைக்கு அனுப்பியிருந்தால் ராணிப்பேட்டை லாட் அப்படித்தான் நின்றிருக்கும்.

இப்போது அவன் ஃப்ளாக் தெரியும்படி, விவரப் பகுதியோடு சேர்த்துத்தான் படம் அனுப்புகிறான். நேற்று ஒன்று வந்தது, குரூப் நீளம் 7. எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒரு ஸ்பேஸ் அடித்திருக்கிறார்கள்.