அடிக்கடி பார்க்காத மேலதிகாரிக்கு மெயில்: எவ்வளவு மரியாதை சரி?

உங்கள் நேரடி மேலாளருக்கும் மேலே ஒருவர். வருடத்துக்கு ஓரிரு கூட்டங்களில் தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி, உங்கள் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்குமா என்பதே சந்தேகம். அவரிடம் இப்போது ஒரு ஒப்புதல் வாங்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தரவின் வடிவம் திடீரென்று மாறிவிட்டது, சோதனையை முதலிலிருந்து செய்தாக வேண்டும், அதனால் வெளியீட்டை இரண்டு வாரம் தள்ளிவைக்க அவர் சரி சொல்ல வேண்டும், அதுவும் வியாழக்கிழமைக்குள். இதே விஷயத்தை மூன்று விதமாக எழுதிப் பார்க்கலாம்.

முதலாவது, முழு மரியாதை:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்களின் பணிச்சுமைக்கு இடையே தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். நமது திட்டம் தொடர்பான சில விவரங்களைத் தங்கள் கனிவான கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்..."

இதில் யாரும் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் அவர் இதை அனேகமாகப் போனில்தான் பார்ப்பார், திறப்பதற்கு முன்பு திரையில் தெரிவது முதல் ஓரிரு வரிகள்தான், அந்த வரிகளில் விஷயமே இல்லை. திறந்து கடைசிவரை படித்தாலும் "தாங்கள் பரிசீலித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்" என்றுதான் முடியும். எதை, எந்தத் தேதிக்குள் பரிசீலிப்பது? தகவலுக்காக அனுப்பியிருக்கிறார்கள் போல என்று நினைத்து அடுத்த மெயிலுக்குப் போய்விடுவார். அப்புறம், ஆரம்பத்திலேயே மன்னிப்புக் கேட்டால் ஏதோ தப்பு செய்துவிட்டு எழுதுவது போலவும் இருக்கும்.

இரண்டாவது, சாட் பாணி:

"ஹாய், ஒரு சின்ன விஷயம். டேட்டா ஃபார்மட் மாறிடுச்சு, ரிலீஸை ரெண்டு வாரம் தள்ளிடலாம்னு பார்க்கிறோம். ஓகேவா?"

கேட்க வேண்டியதை உடனே கேட்டுவிடுகிறது, அந்த வகையில் முதலாவதைவிட இது மேல். இதில் எல்லோரும் பயப்படுவது அவருக்கு மரியாதைக் குறைவாகப் படுமோ என்றுதான், ஆனால் பெரிய சிக்கல் வேறு. இரண்டு வாரத் தாமதத்தைச் "சின்ன விஷயம்" என்று சொன்னால், இதன் கனம் எழுதியவருக்குப் புரிந்திருக்கிறதா என்ற சந்தேகம் வரும். இன்னொன்று, இப்படிப்பட்ட ஒப்புதல் மெயில் அவரோடு நிற்காது, நிதிப் பிரிவுக்கோ வாடிக்கையாளரைக் கவனிப்பவருக்கோ அவர் அதை அப்படியே ஃபார்வர்ட் செய்வார். "ஓகேவா" என்று முடிகிற ஒன்றை எப்படி அனுப்புவார்? உங்களிடமே திரும்ப எழுதச் சொல்வார், ஒரு நாள் போய்விடும்.

மூன்றாவது, என் ஓட்டு இதற்குத்தான்:

"வணக்கம் சார், தரவுக் குழுவிலிருந்து எழுதுகிறேன். வெளியீட்டை இரண்டு வாரம் தள்ளிவைக்க உங்கள் ஒப்புதல் தேவை. வியாழன் மாலைக்குள் கிடைத்தால் வெள்ளியன்றே சோதனையைத் தொடங்கிவிடலாம். தரவின் வடிவம் மாறியதால் பழைய சோதனை முடிவுகள் இப்போது பொருந்தாது. தள்ளாவிட்டால் சோதிக்காத பதிவுகள் பயனர்களிடம் போய்விடும். என் மேலாளரிடம் பேசிவிட்டேன், அவரையும் சிசியில் சேர்த்திருக்கிறேன். நன்றி."

சாரோ மேடமோ, பெயர் சொல்லி அழைப்பதே உங்கள் அலுவலக வழக்கம் என்றால் பெயரோ, எது பொருந்துமோ அது. மரியாதை எல்லாம் வணக்கத்திலும் "உங்கள்" என்பதிலும் முடிந்துவிட்டது, மிச்சமெல்லாம் வேலை. அந்த சிசி வரியைக் கவனியுங்கள். நேரடி மேலாளரைத் தாண்டிக் குதிக்கவில்லை என்று அது காட்டிவிடுகிறது, பத்து "தாங்கள்" போட்டாலும் அந்த மரியாதை வராது.

அவர் பாணி தெரியவில்லை என்றால், எல்லோருக்கும் அவர் அனுப்பிய பழைய மெயில்களைப் புரட்டிப் பாருங்கள், எப்படி ஆரம்பிக்கிறார், எப்படி முடிக்கிறார் என்று. ஆனால் அவர் வணக்கமே இல்லாமல் "சரி, செய்யுங்கள்" என்று பதில் போட்டால், நீங்களும் அப்படி எழுதலாம் என்று அர்த்தம் இல்லை, அவசரத்தில் போனில் தட்டியிருப்பார். பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள் என்றாலோ, உங்களுக்கு மட்டும் எழுதும்போது பதவியெல்லாம் போடாமல் வெறும் பெயரோடு முடித்தாலோ, அடுத்த மெயிலில் ஒரு படி இறங்கலாம். இறங்குவது சுலபம். ஹாய் போட்டு ஆரம்பித்தவர் அடுத்த வாரம் "மதிப்பிற்குரிய" என்று எழுதினால் ஏதோ கோபம் என்றுதான் தோன்றும்.

ராஜினாமா, புகார் மாதிரி கோப்பில் ஏறுகிற கடிதங்களுக்கு முதலாவது பாணியை எடுத்துக்கொள்ளலாம், மன்னிப்பு வரியை மட்டும் வெட்டிவிட்டு. இரண்டாவதுக்கு ஒரே இடம், அவரே சாட்டில் வந்து ஏதாவது கேட்கும்போது. அங்கேயும் முழு வாக்கியத்தில் பதில் சொல்லுங்கள். நீங்களாகச் சாட்டில் போக வேண்டியிருந்தால் "வணக்கம் சார்" என்று மட்டும் அனுப்பிவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள், கேள்வியையும் அதே செய்தியில் போட்டுவிடுங்கள்.