கல் கரைக்க ஒன்று, வழவழப்பு நீக்க ஒன்று: ஐஸ் மெஷினுக்கும் டிஸ்பென்சருக்கும் எது சரி?

கோவையில் எங்கள் காபி கடையில் முதல் இரண்டு வருடமும் போர் தண்ணீரைத்தான் ஐஸ் மெஷினுக்குக் கொடுத்தோம். சிறுவாணித் தண்ணீரின் ருசியைப் பேசும் ஊரில் இருந்துகொண்டு, போர் தண்ணீரின் உப்போடு மல்லுக்கட்டினோம். ஐஸ் கட்டிகள் நடுவில் குழி விழுந்து மெலிதாக வந்தன. அச்சிலிருந்து விழாமல் ஒட்டிக்கொண்டன. சரி என்று ஆர்.ஓ. போட்டோம். உப்பு நின்றது. இரண்டே மாதத்தில் மெஷினுக்குள் தொங்கும் பிளாஸ்டிக் திரையின் பின்பக்கம் விரலை வைத்தால் வழுக்கியது. வெள்ளை டிஷ்யூவால் துடைத்தபோது இளஞ்சிவப்பாகக் கறை வந்தது.

ஏனென்று அப்போது புரியவில்லை. ஆர்.ஓ.வுக்கு முன்னால் இருக்கும் கார்பன் ஃபில்டர், தண்ணீரில் குளோரின் இருந்தால் அதையும் எடுத்துவிடுகிறது. அதற்கப்புறம் குழாயிலும் தொட்டியிலும் கிருமியைத் தடுக்க எதுவும் மிச்சமில்லை. கல் படிவதும் வழவழப்பு பிடிப்பதும் வேறு வேறு நோய்கள். முதலாவது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பால் வருகிறது, அமிலம்தான் அதைக் கரைக்கும். இரண்டாவது பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை எல்லாம் சேர்ந்து கட்டும் படலம், அதைத் தேய்த்து எடுத்துவிட்டுக் கிருமிநாசினி ஊற்ற வேண்டும். எங்கள் கடையில் பன் மாவு பிசையும் மேடை மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்தது. காற்றில் பறக்கும் ஈஸ்ட்டுக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

கல் கரைக்க: வினிகர், சிட்ரிக் ஆசிட், கம்பெனி திரவம்

வினிகர் கெட்ட பொருளல்ல, ஆனால் ஐஸ் மெஷினுக்கு வீண்செலவு. கணக்குப் போட்டால், சுமார் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைக்கும் சுண்ணாம்பைக் கரைக்க 5 சதவீத வினிகர் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் வேண்டும். வாடை வேறு லேசில் போகாது. எலுமிச்சை சோடாவில் ஊறுகாய் வாசம் வருகிறது என்று ஒரு வாடிக்கையாளர் கிளாஸைத் திருப்பித் தந்த அன்றே வினிகரை விட்டுவிட்டேன்.

சிட்ரிக் ஆசிட் மலிவு, மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும், வாடையும் இல்லை. ஒரு எச்சரிக்கை: கல் தடிமனாக இருக்கிறதே என்று கொதிக்கும் தண்ணீரில் கெட்டியாகக் கலக்காதீர்கள். சூட்டில் அது சுண்ணாம்போடு சேர்ந்து வேறொரு வெள்ளைப் படிவாக மாறி ஒட்டிக்கொள்ளும், அதைக் கரைப்பது இன்னும் பாடு. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கரைசல் நுரைப்பது நின்றும் கல் மிச்சமிருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள்.

கம்பெனி திரவம் விலை அதிகம். ஆனாலும் உத்தரவாதக் காலம் முடியும்வரை அதையே வாங்குவேன். கட்டி ஐஸ் மெஷின் பலவற்றில் ஐஸ் பிடிக்கும் தகடு, நிக்கல் பூசிய தாமிரம். நிக்கலுக்கு ஆகும் என்று எழுதியிருக்கும் திரவம் பூச்சை அரிக்காது. பூச்சு உரிந்தால் தகடு போச்சு. டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஊற்றிப் பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்று ஒரு சர்வீஸ்காரர் சொன்னார். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். நல்ல வேளையாக அவர் பாட்டிலைத் திறப்பதற்குள் நான் வந்துவிட்டேன்.

வழவழப்புக்கு: ஹைப்போவா, குவாட்டா?

ஹைப்போ என்று நாம் சொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் மலிவு, வேகம். 4 சதவீத ஹைப்போவை லிட்டருக்கு 5 மில்லி கலந்தால் சுமார் 200 பி.பி.எம். வரும். 10 நிமிடம் போதும், ராத்திரி முழுக்க விட்டால் உலோகத்தை அரிக்கும். மே மாத வெயிலில் ஷெல்ஃபில் கிடந்த ஹைப்போவின் வீரியம் குறைந்துவிடும் என்பதால், கலந்தபின் குளோரின் சோதனைத் தாளை நனைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். பிளீச்சிங் பவுடர் ஆகாது. அது சுண்ணாம்புக் கசடை விடும், எதை எடுக்கப் பாடுபட்டோமோ அதையே திரும்பக் கொண்டுவரும்.

குவாட்டர்னரி அம்மோனியம் கலந்த குவாட் வகைக் கிருமிநாசினி உலோகத்திடம் சாது, வாடையும் இல்லை. ஆனால் கடின நீரில் கலந்தால் வலு குறையும். அதோடு நுரைக்கும். மெஷினின் பம்ப் சுழற்றும் தண்ணீரில் நுரை கட்டினால் அலசி அலசிக் கை ஓய்ந்துவிடும். அதனால் என் கடையில் மெஷினுக்குள் சுழல்வது ஹைப்போ. ஐஸ் பெட்டியின் சுவர், கரண்டி, கழற்றிய திரை இவற்றுக்குக் குவாட், அப்புறம் நல்ல தண்ணீர்.

எதைத் தேர்ந்தாலும் வரிசை மாறக்கூடாது. முதலில் அமிலம், அப்புறம் அலசல், அதற்கப்புறம்தான் ஹைப்போ. கல் இருக்கும்போது கிருமிநாசினி ஊற்றினால் கல்லின் இடுக்கில் உள்ள படலம் தப்பித்துவிடும். அமிலமும் ஹைப்போவும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சின்ன அறையில் அது ஆளையே சாய்த்துவிடும்.

எங்கள் மெஷின் தொட்டி 3 லிட்டர். ஐஸ் முழுவதையும் எடுத்துக் கொட்டிவிட்டு, 150 கிராம் சிட்ரிக் ஆசிட்டை 3 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தி அரை மணி ஓட விடுவோம். வடித்து, மூன்று முறை அலசுவோம். பிறகு பிளக்கைப் பிடுங்கி, திரை, தண்ணீர் பரப்பும் குழாய், மிதவை எல்லாவற்றையும் கழற்றி நைலான் பிரஷ்ஷால் தேய்ப்போம். கம்பி நார் கூடாது. பரப்பும் குழாயின் ஓட்டைகள்தான் முக்கியம், ஒன்று அடைத்தாலும் அந்த வரிசைக் கட்டிகள் மட்டும் மெலிந்து வரும். மாட்டியபின் 3 லிட்டருக்கு 15 மில்லி ஹைப்போ, 10 நிமிடம், மறுபடி அலசல். முதல் இரண்டு தடவை விழும் ஐஸ் சாக்கடைக்கு. பெரும்பாலான கம்பெனிகள் வருடத்துக்கு இரண்டு முறையாவது செய்யச் சொல்கின்றன. மாவு பறக்கும் கடையில் நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்கிறோம். திரையின் பின்பக்கத்தை மட்டும் வாரம் ஒருமுறை விரலால் தொட்டுப் பார்ப்போம்.

கேன் வைக்கும் டிஸ்பென்சர்

இங்கே இரண்டு நோயும் இரண்டு தொட்டிக்குப் பிரிந்துவிடுகின்றன. ஹாட் தொட்டியில் கல், கூல் தொட்டியில் வழவழப்பு. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, பின்பக்க மூடியைத் திறந்து வடியுங்கள். காலித் தொட்டியோடு ஹீட்டரைப் போட்டால் அது கருகிவிடும். மூடியைப் போட்டு, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரை மேலே ஊற்றுங்கள். ஹாட் குழாயில் தண்ணீர் வரத் தொடங்கினால் தொட்டி நிறைந்தது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் விட்டு வடித்தால் முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் செதில்கள் வரும். செதில் நிற்கும்வரை அலசுங்கள்.

அமிலம் முற்றிலும் போனபின், மேல் தொட்டிக்குள் இருக்கும் தட்டைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தேயுங்கள், படலம் அங்கேதான் ஒளிந்திருக்கும். தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பி, லிட்டருக்கு 2.5 மில்லி ஹைப்போ கலந்து கூல் குழாய் வழியே கொஞ்சம் விட்டு 10 நிமிடம் நிறுத்துங்கள். ஹாட் குழாயைத் தொட வேண்டாம், அங்கே சூடே கிருமியைப் பார்த்துக்கொள்ளும். கடைசியில் இரண்டு தொட்டியையும் வடித்து அலசுங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, ஆட்டோவில் உருண்டு வந்த கேனை அப்படியே கவிழ்த்தால் மறுநாளே கணக்கு முதலிலிருந்து. எங்கள் பையன் கேனின் கழுத்தையும் மூடியையும் ஹைப்போவில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத்தான் தூக்குகிறான்.